வழவழப்பான பிஇஐ ஷீட்டில் பிஇடிஜி: ஷீட்டைக் கிழிக்கும் தவறுகள்

புதிதாக 3டி பிரிண்டர் வாங்கியவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் ஓரளவு கை பழகியதும் அடுத்து பிஇடிஜி என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் ரோலைத் திறக்கிறார்கள். தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். ஃபிலமென்ட் ஈரமாக இருப்பது, நாசில் சூடு போதாதது போன்றவை பிரிண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போவது பிரிண்ட் படியும் பெட்டின் மேல் உள்ள ஷீட்டையே காவு வாங்கும் தவறுகளை மட்டும்.

## ஷீட்டைப் பளிச்சென்று துடைத்துவிட்டு பிஇடிஜி போடுவது

பிஎல்ஏவுக்கு நாம் கற்றுக்கொண்ட முதல் பாடம், பெட்டை ஐபிஏ ஆல்கஹால் ஊற்றித் துடைப்பது. விரல் எண்ணெய் போய்விடும், பிரிண்ட் நன்றாக ஒட்டும். பிஎல்ஏவுக்கு இது முழுக்கச் சரி. அதே பழக்கத்தோடு வழவழப்பான பிஇஐயில் பிஇடிஜி போட்டால்தான் வினை.

வழவழப்பான பிஇஐ ஷீட் என்பது ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டின் மேல் பசையால் ஒட்டிய ஒரு மெல்லிய படலம். உருகிய பிஇடிஜி இந்தச் சமமான பரப்பில் இடைவெளியே இல்லாமல் படிந்து இறுகிக்கொள்ளும். பரப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு பிடி. ஒரு கட்டத்தில் அந்தப் பிடி, படலத்தின் சொந்த வலுவையும் அதன் அடியில் உள்ள பசையையும் மிஞ்சிவிடும். அப்போது நீங்கள் இழுத்தால், படலம், பசை இரண்டில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். பிரிண்ட் கிழியாது.

சமீபத்தில் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தான். உள்ளங்கை அளவு பெட்டிக்கு மூடி, அடிப்பக்கம் முழுக்கத் தட்டை. பெட் 85 டிகிரி, முதல் லேயர் நன்றாக அழுத்தி, ஷீட்டை ஐபிஏவில் இருமுறை துடைத்து அடித்திருக்கிறான். ஆறியதும் ஷீட்டை வளைத்தான், வரவில்லை. இன்னும் பலமாக வளைத்ததும் 'படார்' என்று வந்துவிட்டது. மூடியின் ஒரு மூலையில் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு சில்லு ஒட்டியிருந்தது. ஷீட்டில் அதே வடிவத்தில் பள்ளம். "அண்ணா, இது ஃபிலமென்ட் கோளாறா?" என்று கேட்டான். அந்தத் தேன் நிறச் சில்லுதான் பிஇஐ.

எனக்கு எரிச்சல் அவன் மேல் இல்லை. "க்ளூ ஸ்டிக் என்பது சரியாக ஒட்டாத பிரிண்டுக்குத்தான், உனக்குத்தான் நன்றாக ஒட்டுகிறதே, எதற்கு?" என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஜோடியில் க்ளூ ஸ்டிக்கின் வேலையே வேறு. பிஇடிஜிக்கும் பிஇஐக்கும் நடுவே அது ஒரு தடுப்புப் படலமாக நிற்கிறது. இழுக்கும்போது அது பிய்ந்துபோகும், பிஇஐ பிழைத்துக்கொள்ளும். நன்றாக ஒட்டுகிறது என்பதே க்ளூ பூசுவதற்கான காரணம்.

பூசும் முறை இதுதான். தண்ணீரில் கரையும் சாதாரண க்ளூ ஸ்டிக் போதும். ஷீட் ஆறியிருக்கும்போது ஒரு திசையில் இழுத்துப் பூசி, பிறகு குறுக்காக ஒருமுறை பூசுங்கள். அப்புறம் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் லேசாகத் தடவிப் பரப்புங்கள். கோடுகள் கரைந்து, மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய மங்கல் தெரிய வேண்டும். ஷீட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது பளபளப்பாகத் தெரிந்தால் அங்கே க்ளூ இல்லை. தடிமனாகப் பூசினால் அடிப்பக்கம் கரடுமுரடாகும், அடிக்கும்போதே மூலைகள் தூக்கவும் கூடும்.

பலர் மறப்பது முன் ஓரத்தை. பிரிண்ட் தொடங்கும் முன் நாசில் அங்கே ஒரு தடித்த கோடு இழுக்குமே, அதுவும் பிஇடிஜிதான். நடுவில் மட்டும் கவனமாகப் பூசிவிட்டு, முன் ஓரத்தில் நீளமாக ஒரு கீற்று பிய்ந்த ஷீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிண்டைச் சுற்றி பிரிம், ஸ்கர்ட் என்று கோடுகள் போடும் இடங்களுக்கும் இதே கதைதான்.

ஒவ்வொரு பிரிண்டும் தன் அடியில் உள்ள க்ளூவைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். அதே இடத்தில் மறுபடி அடிக்கும் முன் ஈரத்துணியால் சுற்றியுள்ள க்ளூவை அங்கே இழுத்துவிடுங்கள், போதாவிட்டால் மேலே கொஞ்சம் பூசுங்கள். திட்டுத்திட்டாகத் தேங்கினால் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கழுவிய ஷீட்டில் பூசாமல் பிஇடிஜி அடிக்காதீர்கள், அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான நிலை.

## பிஎல்ஏவுக்கு வைத்த அதே நாசில் உயரம்

பிஇடிஜியை அவ்வளவு அழுத்தக் கூடாது. பிஎல்ஏவுக்கு வைத்திருப்பதைவிட 0.02 முதல் 0.05 மிமீ வரை நாசிலை உயர்த்துங்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நாசில் அவற்றை உழுது, ஓரங்களில் வரப்பு மாதிரி தூக்கிவிடக் கூடாது.

## சூடாக இருக்கும்போதே பிடுங்குவது

ஆறட்டும்.

அவசரப்படுபவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன். ஆறும்போது பிளாஸ்டிக், ஸ்டீலைவிட அதிகம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் பிரிண்டை ஷீட்டிலிருந்து விடுவிக்கிறது. சூட்டோடு இழுத்தால் அந்த உதவி கிடைக்காது, பிரிண்டும் வளைந்துவிடும்.

## பெட்டில் வைத்தபடியே ஸ்கிரேப்பரால் நெம்புவது

கழற்ற முடிந்த ஷீட்டைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. இரும்பு ஸ்கிரேப்பரின் மூலை பிஇஐயில் போடும் கீறல், பிறகு அடிக்கும் ஒவ்வொரு பிரிண்டின் அடியிலும் தெரியும்.

## வளைத்தும் வரவில்லை என்று இன்னும் பலமாக வளைப்பது

தம்பியின் ஷீட் போனது இந்தக் கட்டத்தில்தான். லேசாக வளைத்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு ஓரம் விட வேண்டும். சத்தமே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஷீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் ஒரு மூலையிலிருந்து இருபக்கமும் மாறி மாறி, மிகக் கொஞ்சமாக வளைத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா? ஷீட்டைச் சமமாக வைத்து, பிரிண்டின் ஓரத்தில் சில சொட்டு ஐபிஏ விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். எரியக்கூடியது என்பதால் சூடான பெட்டின் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். க்ளூ பூசியிருந்தால் ஐபிஏவுக்குப் பதிலாகத் தண்ணீர், அது க்ளூவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். ஒரு மூலை மயிரிழை விட்டால் போதும், அந்த இடுக்கில் மறுபடி சொட்டு விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கைவாட்டில் நுழைத்து நகர்த்துங்கள். மேல்நோக்கி நெம்பாதீர்கள். பெரிய தட்டையான பிரிண்டுக்கு இது மெதுவான வேலைதான்.

இடையில் ஷீட்டை அடிக்கடி பாருங்கள். பிரிண்டைச் சுற்றிப் படலத்தின் அடியில் வெளிறிய திட்டோ குமிழோ தெரிந்தால், படலம் ஸ்டீலை விட்டுக் கிளம்புகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எதிர்மூலையிலிருந்து தொடங்குங்கள்.

## அசிட்டோன்

பிடிவாதமான பிரிண்டை விடுவிக்க இதை ஊற்றாதீர்கள். அடிக்கடி பட்டால் பிஇஐயில் நுண்ணிய வெடிப்புகள் விழும்.

## கிழிந்த இடத்தின் மேலேயே அடிப்பது

பள்ளத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது. உருகிய பிஇடிஜி கிழிசலின் விளிம்பில் புகுந்து பிடித்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் பெரிய துண்டோடு வரும். ஸ்லைசர் மென்பொருளில் பிரிண்டை அந்த இடத்தைவிட்டு நகர்த்துங்கள். ஷீட்டின் இருபக்கமும் பிஇஐ இருந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பிஇடிஜிதான் உங்கள் அன்றாட வேலை என்றால், பவுடர் கோட்டிங் செய்த சொரசொரப்பான ஷீட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேடுபள்ளங்களில் தொடுபரப்பு குறைவு என்பதால் பிஇடிஜி இவ்வளவு இறுகிப் பிடிக்காது. வழவழப்பான ஷீட் பிஎல்ஏவுக்கு இருக்கட்டும்.