காரைப் பார்க்காமல் விலை சொன்னால்

கார் டீட்டெய்லிங் தொழிலில் புதிதாக இறங்கிய தம்பிகள் மூன்று பேர் இந்த வருடம் என்னிடம் ஒரே கதையைச் சொன்னார்கள்: வண்டியைப் பார்க்காமல் விலை சொல்லி மாட்டிக்கொண்ட கதை. எனக்கும் நடந்த கதைதான். சக்கரம் துடைத்த துணியால் கதவைத் துடைக்கக் கூடாது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

அழுக்கைப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் விலை சொல்வது

விலைப் பட்டியலில் செடான், எஸ்யூவி, ஏழு சீட்டு என்று வண்டியின் அளவுதான் முதலில் இருக்கும். ஆனால் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை அழுக்குதான் முடிவு செய்யும்.

பொங்கோலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, ஏழு சீட்டு வண்டி, உள்ளே கொஞ்சம் தூசிதான்." வெளியே எடுத்த படம் பளபளத்தது. 180 வெள்ளி, 4 மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். வண்டி வந்ததும் பிள்ளையின் கார் சீட்டைக் கழற்றினேன். அடியில் பால் கொட்டிக் காய்ந்து, மஞ்சள் ஓரம் கட்டியிருந்தது. பின்னால் பூட்டிலும் தரைக் கம்பளம் முழுதும் நாய் முடி நூலோடு நூலாகப் பின்னிக் கிடந்தது. வேக்குவம் வைத்தால் ஒன்றுகூட வரவில்லை.

பால் மேலே மட்டும் இருப்பதில்லை, சீட்டின் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும். மேலாக ஷாம்பு போட்டுத் துடைத்தால் அன்று மணக்கும். இரண்டு நாள் வெயிலில் நின்றால் புளிப்பு நாற்றம் திரும்பி வரும். என்சைம் திரவம் ஊற்றி ஊறவிட்டு, எக்ஸ்ட்ராக்டரால் பலமுறை உறிஞ்ச வேண்டும். அன்று 9 மணி நேரம் ஆனது. மணிக்கு 45 வெள்ளி என்று நினைத்தது 20 ஆனது. மதியம் வர வேண்டியவரையும் திருப்பி அனுப்பினேன். இன்னும் அது உறுத்துகிறது.

இப்போது 10 நிமிடம் பார்க்காமல் விலை சொல்வதில்லை. மிதியடியைத் தூக்குகிறேன், சீட் தண்டவாளத்தில் விரல் வைத்துப் பார்க்கிறேன், கதவை மூடிவைத்துத் திறந்ததும் முகர்கிறேன். முடி இருந்தால் ஒரு சதுர அடியை மட்டும் ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து நேரம் பார்க்கிறேன். அந்த வண்டியில் வழக்கத்தைவிட சதுர அடிக்கு 4 நிமிடம் கூடுதல் என்றால், 40 சதுர அடிக்கு 160 நிமிடம். பாலுக்கு 2 மணி நேரம். கூடுதலாக மொத்தம் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 30 வெள்ளி போட்டு நாலரைக்கு 135. முதலில் சொன்ன 180-ஐயும் சேர்த்து 315 என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர் போயிருந்தாலும் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

காயும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

நம் ஊர் ஈரக் காற்றில் ஸ்பாஞ்சு சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மூடி, மாடிக் கார்ப்பார்க்கில் இரவு நிறுத்தினால் காலையில் பூஞ்சை வாடை. புளோவர் ஓடும் நேரமும் உங்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும் நேரம்தான். அதற்கும் விலை வையுங்கள்.

எஸ்யூவி என்ற பெயரை நம்புவது

எஸ்யூவி என்றாலும் சிலவற்றில் இரண்டு வரிசை, சிலவற்றில் மூன்று. சீட் வரிசையை எண்ணுங்கள்.