மிக்ஸி விலை எப்போது இறங்கும்? Keepa-வில் அலர்ட் வைத்து வாங்கும் முறை

அமேசானில் எம்.ஆர்.பி.யை அடித்துவிட்டு, பக்கத்தில் 45% தள்ளுபடி என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். போன சில மாதங்களில் அந்த மிக்ஸி உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதுதான் நமக்கு வேண்டும். விலை வரலாற்றைப் பதிவு செய்யும் Keepa என்ற கருவி அதைக் காட்டும். அமேசான் இந்தியாவுக்கும் வேலை செய்யும், அடிப்படை வசதிகள் இலவசம்.

1. நிறுவுங்கள். குரோமில் Keepa எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டு, மிக்ஸியின் பக்கத்தைத் திறந்தால் விலை வரைபடம் அங்கேயே வரும். முதலில் உங்களுக்கு வேண்டிய நிறம், ஜார் எண்ணிக்கை, வாட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் விலை வரலாறு தனி.

2. வரைபடத்தைப் படியுங்கள். இந்தியாவில் பெரும்பாலும் மற்ற விற்பனையாளர்கள்தான் விற்கிறார்கள். அதனால் "Amazon" கோடு காலியாக இருந்தால் குழம்ப வேண்டாம், "New" கோட்டைப் பாருங்கள். கால அளவை முதலில் மூன்று மாதம், அப்புறம் ஒரு வருடம் என்று வையுங்கள்.

ஒரு உதாரணம். எம்.ஆர்.பி. 6,000 ரூபாய், வழக்கமாக 3,600 முதல் 3,800 வரை போகிறது, வருடத்தில் மூன்று முறை 3,200-க்கு இறங்கி, ஒவ்வொரு முறையும் சில நாள் நின்றிருக்கிறது, ஒரே ஒரு முறை 2,700-க்குக் குத்தி இறங்கி உடனே ஏறிவிட்டது. அந்த 2,700-ஐ மறந்துவிடுங்கள். அது சில மணி நேர ஆஃபராகவோ, யாரோ தவறாகப் போட்ட விலையாகவோ இருக்கலாம். அதற்காகக் காத்திருப்பவர்கள்தான் கடைசிவரை வாங்காமலே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த 3,200-தான் நம் இலக்கு.

திருவிழா விற்பனைக்கு முந்தைய வாரங்களையும் கவனியுங்கள். விலையை 4,200-க்கு ஏற்றிவிட்டு, விற்பனை நாளில் 3,600 ஆக்கினால், "600 குறைந்தது" என்று தோன்றும். கோட்டைப் பார்த்தால் அது வழக்கமான விலைதான்.

3. அலர்ட் வையுங்கள். "Track product" பகுதியில் "New" விலைக்கு நேராக 3,250 என்று போடுங்கள். சரியாக 3,200 என்று வைத்தால், 3,229-க்கு வரும்போது செய்தி வராது. மின்னஞ்சல் போதும். நாளுக்கு ஒருமுறைதான் மெயில் பார்ப்பவர் என்றால் டெலிகிராமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. செய்தி வந்ததும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விலை இறங்கியது யாரிடம்? கேள்விப்படாத புது விற்பனையாளர் 3,150 என்று போட்டு, டெலிவரிக்கு 200 கேட்டால் அது 3,350. வாரண்டியும் உண்டா என்று பாருங்கள்.

வங்கி கார்டு தள்ளுபடியும் கூப்பனும் பொதுவாக இந்தக் கோட்டில் தெரியாது. அதனால் 3,500 இருக்கும்போதே உங்கள் கார்டுக்கு 10% கிடைத்தால் கைக்கு 3,150. அலர்ட் வராவிட்டாலும் அது வாங்குகிற விலைதான். ஆனால் குறைந்தபட்ச கொள்முதல் தொகை எவ்வளவு என்று ஆஃபரின் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள். 5,000-க்கு மேல் என்றால் இந்த மிக்ஸிக்குக் கிடைக்காது.

ஆறு வாரத்தில் இலக்கு வராவிட்டால் 3,400-க்கு ஏற்றுங்கள். பழைய மிக்ஸி புகைந்துவிட்டால் காத்திருக்காமல் அன்றைய விலைக்கே வாங்குங்கள்.