லிஃப்ட், பாய்லர், தீயணைப்பான் ஆய்வறிக்கைகளை அட்டவணையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, ஒரு அறிக்கைக்கு ஒரு வரி போடுவது. லிஃப்ட் அறிக்கை ஒன்றில் நான்கு குறைகள் இருந்தால் நான்கு வரி வேண்டும், ஏனென்றால் கதவு சென்சாருக்கு ஒரு கெடு, கவர்னர் ரோப்புக்கு வேறு கெடு. ஒரே வரியில் அடைத்தால், மூன்றை முடித்ததும் யாராவது "முடிந்தது" என்று போட்டுவிடுவார்கள், நான்காவது அங்கேயே காணாமல் போகும்.

அடுத்தது கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது. 12.05.2025 அன்று ஆய்வு, "கவர்னர் ரோப் தேய்ந்துள்ளது, ஆய்வு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாற்றவும்" என்று குறிப்பு. கெடு 11.06.2025. அறிக்கை கைக்கு வந்து ஜூன் 2 அன்று பதிவு செய்பவர் அன்றிலிருந்து எண்ணினால் ஜூலை 2 ஆகிவிடும், மூன்று வாரம் சத்தமில்லாமல் கூடிவிட்டது. "உடனடியாக" என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அப்படியே தேதிக் கட்டத்தில் போடாதீர்கள், ஆய்வு நாளையே கெடுவாகப் போடுங்கள்.

சரி, கெடு தாண்டிய வரி தானாகச் சிவப்பாக எக்செலில் Conditional Formatting விதி போட்டிருக்கிறீர்கள், தேதி சரியாக இருந்தும் சிவப்பாகவில்லையா? இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. எக்செலில் 11.06.2025 என்று புள்ளி வைத்து அடித்தால், நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும். ஒப்பிடும்போது எக்செல் எழுத்தை எந்த எண்ணைவிடவும் பெரியதாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் கெடு உள்ள D கட்டத்துக்குப் போட்ட `=$D2<TODAY()` என்ற விதி அந்த வரியை ஒருநாளும் பிடிக்காது, கெடு தாண்டி ஒரு வருடம் ஆனாலும் கட்டம் வெள்ளையாகவே இருக்கும். மாறாக, காலிக் கட்டத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு சிவப்பாக்கும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை தேதி வலப்பக்கம்தான் நிற்கும். D கெடு, E முடித்த நாள் என்றால் இரண்டு விதி போடுங்கள், முதலாவது சிவப்பு, இரண்டாவது மஞ்சள்:

```
=AND($E2="",ISNUMBER($D2),$D2<TODAY())
=AND($E2="",NOT(ISNUMBER($D2)))
```

மஞ்சள் என்றால் அந்த வரிக்குச் சரியான தேதியே இல்லை என்று பொருள், அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாய்லருக்குக் கெடு தாண்டிய பிறகு சிவப்பாவது போதாது. சான்றிதழ் பொதுவாக 12 மாதத்துக்குத்தான், அடுத்த ஆய்வுக்கு முன் நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அந்த நிறுத்தத்துக்குத் தனி வரி, தனி தேதி கொடுங்கள்.

தீயணைப்பானில் ஸ்டிக்கர் தேதியை மட்டும் நம்பாதீர்கள். சிஓ2 சிலிண்டரில் வாயு எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும், அதாவது 4.5 கிலோ சிலிண்டரில் வாயு 4.05 கிலோவுக்குக் கீழே போனால், ஸ்டிக்கரில் அடுத்த வருடம் என்று இருந்தாலும் கெடு எடை பார்த்த அன்றைக்கே. அதன் அழுத்தச் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை வரும், நிரப்பும் தேதியோடு அதைக் கலக்காமல் இன்னொரு வரியில் வையுங்கள்.