ஆறு குவேவர், இரண்டு விடை: தியரி வினாத்தாளைச் சரிசெய்த விதம்

புதுச்சேரியில் கீபோர்டு கற்கும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான எழுத்துத் தேர்வில், 'டைம் சிக்னேச்சரை எழுது' என்ற ஒரு கேள்விதான் தொடர்ந்து தகராறு செய்தது. ஒரு பாரில் ஆறு குவேவர்கள், தனித்தனி வாலோடு. சிலர் 3/4 என்றார்கள், சிலர் 6/8 என்றார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டுமே சரி. குழப்பம் கேள்வியில்தான் இருந்தது.

வால்களை எடுத்துவிட்டு பீம் போட்டதும் தீர்ந்தது. இரண்டிரண்டாக மூன்று கட்டு என்றால் மூன்று தட்டு, 3/4. மும்மூன்றாக இரண்டு கட்டு என்றால் இரண்டு தட்டு, 6/8. ஆறையும் ஒரே பீமில் கட்டி 3/4 எழுதுவதும் வழக்கம்தான். ஆனால் தொடக்கநிலைத் தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது. அடுத்த பாரில் கிராட்செட், குவேவர், கிராட்செட், குவேவர் என்று வைத்தால் 6/8 இன்னும் உறுதியாகும். விடையோடு 'தட்டு விழும் இடங்களில் கோடு போடு' என்றும் கேட்கிறேன். கணக்குப் போட்டவர் யார், தாளத்தை உணர்ந்தவர் யார் என்பது அந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

ஸ்கேல் கேள்வியிலும் இதே கவனம் வேண்டும். ஜி மேஜர் எழுதச் சொல்லும்போது கீ சிக்னேச்சரை அச்சடிக்கக் கூடாது. அச்சடித்தால் வரிசையாக எட்டுப் புள்ளி வைத்தாலே முழு மதிப்பெண். வெறும் ஸ்டேவ் கொடுத்தால் ஏழாவது சுரத்துக்கு எஃப் ஷார்ப் போடத் தெரிகிறதா என்று பார்க்கலாம். சிலர் ஜி ஃப்ளாட் எழுதுவார்கள். கீபோர்டில் அதே கட்டைதான், ஆனால் எஃப் விடுபட்டு ஜி அடுத்தடுத்து இருமுறை வருகிறது. அதற்குப் பாதி மதிப்பெண் தருகிறேன்.