காபியில் சாக்கடை வாடை வருகிறதா? வாசனை திரிந்தவர்கள் சாப்பிடுவதற்கு ஒரு வழி

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. முதல் வாரத்திலேயே வாசனை சுத்தமாகப் போய்விட்டது, மூன்றாவது வாரம் மெல்லத் திரும்பியது, பிழைத்தோம் என்று இருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் காலை அம்மா டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து எரிந்த ரப்பரும் அடைத்துக்கொண்ட சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. பால் திரிந்துவிட்டது என்று நினைத்துக் கீழே கொட்டச் சொன்னேன். மதியம் சாம்பாரிலும் அதே வாடை, இரவு முட்டைப் பொரியலிலும் அதே வாடை. அடுத்த ஆறு வாரத்தில் 58 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு வந்துவிட்டேன்.

இதற்குப் பெயர் பரோஸ்மியா, வாசனைத் திரிபு. கொரோனா மட்டும் என்றில்லை, சாதாரண சளிக் காய்ச்சலுக்குப் பிறகும் வரும். பலருக்கும் தொற்று முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால், நான் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எது நாறுகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாமே நாறுகிறது என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. மூக்கின் மேல்பகுதியில் வாசனையை உணரும் நரம்புகள் தொற்றால் கெட்டு மறுபடி முளைக்கின்றன. அப்படி முளைக்கும் காலத்தில் ஒரு வாசனையின் பாதிச் செய்திதான் மூளைக்குப் போகிறது, அல்லது இடம் மாறிப் போகிறது என்பது இப்போதைய விளக்கம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபியின் மணத்தைத் தனித்தனி வேதிப்பொருளாகப் பிரித்து, பரோஸ்மியா இருப்பவர்களை முகர்ந்து பார்க்க வைத்தார்கள். குமட்ட வைத்தவை காபியில் உள்ள எல்லாப் பொருள்களும் அல்ல, குறிப்பிட்ட சில மட்டுமே. அவற்றில் முக்கியமானவை கந்தகம் கலந்த சில பொருள்களும், வறுக்கும்போது உண்டாகும் பைரசின் வகைகளும். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டக்கூடியவை இவை.

இதை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முட்டை எல்லாம் கந்தகம். காபிக்கொட்டை, வறுத்த மல்லி, வறுத்த கோழி, பொரித்த மீன், முறுகிய தோசை எல்லாம் வறுவல். சாம்பார், ரசம், குழம்பு, பொரியல் எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றோடுதான் தொடங்குகிறோம். அதனால்தான் நம் வீட்டுச் சாப்பாடு மொத்தமும் கெட்டுப்போன மாதிரி இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது வேர்க்கடலையால். வறுத்த கடலையை வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோக முடியவில்லை. அதே வாரம் தெருவில் வண்டிக்காரர் அவித்த கடலை விற்றுக்கொண்டு போனார், தம்பி வாங்கி வந்து கையில் ஒன்று திணித்தான். ஒன்றுமே தெரியவில்லை, உப்பும் மெத்தென்ற கடலையும் மட்டும்தான். ஒரு பொட்டலத்தையும் நானே தின்று முடித்தேன். ஒரே கடலைதான், வறுத்தால் நாறுகிறது, அவித்தால் நாறவில்லை.

படி 2: அரை ஸ்பூன் சோதனை

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரைச் சோதிக்காதீர்கள், அதில் பதினைந்து பொருள் இருக்கிறது, எது நாறியது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே பொருள்: வெந்த சோறு, தயிர், வெந்த பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், வெள்ளரிக்காய், இட்லி, இப்படி. சூடு ஆறியிருக்க வேண்டும்.

மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரை ஸ்பூன் வாயில் போட்டு நாலு முறை மெல்லுங்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும், ஏனென்றால் அது நாக்கின் வேலை, நாக்கு கெடவில்லை. இப்போது மூக்கை விடுங்கள். தொண்டை வழியாக வாசனை மூக்குக்கு ஏறும். கெட்ட வாடை வருவதாக இருந்தால் மூக்கை விட்ட உடனேயே வந்துவிடும். வந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள், விழுங்கிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நோட்டில் "சரி", "தாங்கலாம்", "முடியாது" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஒரு நாளைக்கு நாலு பொருளுக்கு மேல் வேண்டாம். இரண்டு முறை நாறிவிட்டால் அப்புறம் எல்லாமே நாறுவது போலத் தோன்றும், அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பண்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் சாப்பிட முயலாதீர்கள். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டால், மூக்கு சரியான பிறகும் அந்தப் பண்டத்தின் மேல் வெறுப்பு நிற்கும்.

என் பட்டியலில் "சரி" என்று வந்தவை: தயிர், சோறு, இட்லி, இடியாப்பம், வறுக்காத பாசிப்பருப்பு, பனீர், அவித்த கடலை, தேங்காய், வெள்ளரி, மாதுளை, எலுமிச்சை. உங்களுடையது வேறாக இருக்கும். வெள்ளரிக்காய்கூட நாறுகிறது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: சமைக்கும் முறையை மாற்றுங்கள்

வறுப்பது, பொரிப்பது, தாளிப்பது மூன்றையும் நிறுத்திவிட்டு அவிப்பதற்கும் வேக வைப்பதற்கும் மாறுங்கள். பொங்கலுக்குப் பருப்பை வறுத்துப் போடும் பழக்கம் இருந்தால் வறுக்காமல் போடுங்கள். சுண்டலுக்குத் தாளிப்பு வேண்டாம், உப்பும் தேங்காய்த்துருவலும் எலுமிச்சைச் சாறும் போதும்.

அடுத்தது சூடு. ஆவி பறக்கும் சாப்பாட்டிலிருந்துதான் வாசனை அதிகம் எழும். அறைச்சூட்டுக்கு ஆறவிட்டோ ஃப்ரிட்ஜில் வைத்தோ சாப்பிட்டால் அதே பண்டம் பாதிக்குப் பாதி சாதுவாகிவிடும். குளிர்ந்த தயிர்சாதம் என்னை இரண்டு மாதம் காப்பாற்றியது. ஆறவிடுவது என்றால் அரை நாள் வெளியே வைப்பது இல்லை, ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

வாசனை போன இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது? புளிப்பு, உப்பு, காரம், கடித்தால் நொறுங்கும் தன்மை. மிளகாயின் காரம் வாசனை நரம்பு வழியாகப் போவதில்லை, முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு அதைக் கொண்டுபோகிறது, அதனால் அது மாறாமல் இருக்கும். தயிர்சாதத்தில் பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய வெள்ளரி, மாதுளை முத்து, நாலு சொட்டு எலுமிச்சை போட்டு ஒரு வாய் வையுங்கள், வாசனையே இல்லாமல்கூட வாய்க்கு வேலை இருக்கும்.

படி 4: புரதத்தைக் கணக்குப் போடுங்கள்

முட்டை, கறி, மீன், சாம்பார்ப் பருப்பு எல்லாம் ஒரே நாளில் தட்டிலிருந்து போய்விடுவதால் முதலில் குறைவது புரதம்தான். வெறும் தயிர்சோற்றில் வயிறு நிறையும், உடம்பு இளைக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மாற்ற வேண்டாம். 58 கிலோவுக்கு எனக்கு 48 கிராம் வேண்டியிருந்தது. ஒரு நாள் இப்படிச் சாப்பிட்டேன்:

காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ள உப்பும் பச்சை மிளகாயும் மட்டும் போட்ட தேங்காய்ச் சட்னி. இட்லியில் 8 கிராம் வரும். மதியம் 50 கிராம் பாசிப்பருப்பை மஞ்சளும் உப்பும் போட்டுக் குழைய வேக வைத்துச் சோற்றில் பிசைந்துகொண்டேன், பருப்பில் 12 கிராம். நாலு மணிக்கு ஒரு கை அவித்த கடலை, பச்சையாக எடை போட்டால் 30 கிராம் இருக்கும், அதில் 7 கிராம். இரவு தயிர்சாதமும், வறுக்காமல் உப்பு நீரில் ஊற வைத்த 50 கிராம் பனீரும், பனீரில் 9 கிராம். நாள் முழுக்கச் சேர்த்துத் தயிர் 400 கிராம், அதில் ஏறக்குறைய 13. கூட்டினால் 49, சோற்றில் இருப்பது தனி.

ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது, ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்

சமைக்கிற வாடையே பாதிப் பசியைக் கொன்றுவிடும். தாளிக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அடுப்படிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த நேரம் மாடிக்குப் போய்விடுங்கள். என் அம்மாவுக்கு முதலில் மனம் கஷ்டப்பட்டது, தான் சமைத்ததை மகள் வாயில் வைக்க மாட்டேன் என்கிறாளே என்று. நோட்டைக் காட்டி "அம்மா, உங்க கைப்பக்குவம் இல்ல, வெங்காயம்தான்" என்று விளக்கிய பிறகு அவரே எனக்காகத் தனிக் கிண்ணம் எடுத்து வைத்தார்.

பல் தேய்க்கும்போது குமட்டினால் பற்பசையின் புதினாவாக இருக்கலாம், புதினா இல்லாத ஃப்ளூரைடு பற்பசைக்கு மாறிப் பாருங்கள்.

முக்கியமானது இது: உங்கள் மூக்கை நம்பி ஒரு பண்டம் ஊசிப்போனதா என்று தீர்மானிக்காதீர்கள். நல்லது நாறும், கெட்டது நாறாமலும் போகலாம். டப்பாவில் சமைத்த தேதியை ஒட்டி வையுங்கள், சந்தேகம் வந்தால் வேறொருவரை முகரச் சொல்லுங்கள். சிலிண்டர் எரிவாயுவுக்கு வாடை தருவதும் கந்தகப் பொருள்தான், அது கசிந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள், கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

படி 6: மூக்குப் பயிற்சி

ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நாலு வாசனை, காலையும் மாலையும். ஒவ்வொன்றையும் பத்து இருபது வினாடி மெதுவாக முகர்ந்து, அதன் பழைய வாசனையை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். நம்மிடம் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் நீலகிரித் தைலமும் ரோஜாவும் எப்போதும் கிடைக்கும். தைலத்தைப் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு முகருங்கள், மூக்கில் தடவாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும், எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. நாலில் ஒன்று நாறினால் அதை எடுத்துவிட்டு வேறொன்று வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 60 கிலோ இருந்தவர் மூன்று கிலோ குறைந்தால் காத்திருக்க வேண்டாம். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போனேன், இன்னும் முன்பே போயிருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாடு குறைந்த உடனேயே சொல்லுங்கள், அளவு மாறாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளும் தள்ளிப்போடக் கூடாது. தொற்று எதுவும் வராமலே வாசனை மாறியது, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுசோதனை

பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கில் மெல்லத்தான் குறையும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும். அதனால் "முடியாது" பட்டியலில் இருப்பவற்றை அதே அரை ஸ்பூன் முறையில் திரும்பப் பாருங்கள். "தாங்கலாம்" என்று வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். வெங்காயத்தைப் பச்சையாகவோ வதக்கியோ பார்க்காமல் நீண்ட நேரம் நீரில் வேக வைத்துப் பாருங்கள். முட்டையை அவித்து, ஆறவைத்து, வெள்ளைக்கருவை மட்டும் தொடுங்கள்.

எனக்கு வெந்த சின்ன வெங்காயம் 2022 பிப்ரவரியில் "தாங்கலாம்" ஆனது, முட்டை வெள்ளைக்கரு ஏப்ரலில். காபியைக் கடைசியாகத்தான் வைத்தேன். அந்த ஜூனில், ஆறிப்போன பாலில் ஒரு ஸ்பூன் டிகாக்ஷன் விட்டுக் குடித்துப் பார்த்தேன். சாக்கடை வாடை இல்லை, லேசாகக் கருகின வாடை மட்டும் இருந்தது. நோட்டில் "தாங்கலாம்" என்று எழுதினேன்.