எஸ் பென்: இணைப்புக் கோளாறு வேறு, அழுத்தக் கோளாறு வேறு

கைப்பேசியோடு வந்த பேனா சரியாக எழுதவில்லை என்றதும் பலர் முதலில் திறப்பது புளூடூத் பட்டியலைத்தான். சாம்சங் கேலக்ஸி எஸ்22, எஸ்23, எஸ்24 ஆகியவற்றின் அல்ட்ரா மாடல்களில் உள்ள எஸ் பென்னுக்கு அது பொருந்தாத வேலை. ஹெட்செட்டைத் தேடி இணைப்பதுபோல இந்தப் பேனாவை இணைப்பதில்லை; தவிர, எழுதுவதற்கும் புளூடூத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைப் புரிந்துகொண்டுவிட்டால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மெல்லிய அந்தப் பேனாவுக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று எழுதுவதற்கு. திரைக்குப் பின்னால் நுண்ணிய கம்பிச் சுருள்கள் கொண்ட ஒரு தகடு இருக்கிறது. அது எழுப்பும் மெல்லிய மின்காந்தப் புலத்திலிருந்தே பேனாவுக்குள் இருக்கும் சுருள் தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பதில் அனுப்புகிறது. நிப்பை அழுத்தும்போது அந்த அதிர்வெண் சிறிதளவு மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் கைப்பேசி 4096 படிநிலைகள் கொண்ட அழுத்தமாகக் கணக்கிடுகிறது. ஆகவே எழுதுவதற்குப் பேட்டரி தேவையே இல்லை. மற்றொன்று, பேனாவின் பக்கவாட்டில் உள்ள பொத்தானைக் கொண்டு தொலைவிலிருந்து கேமராவை இயக்குவது போன்றவற்றுக்கானது. 2018இல் வந்த நோட் 9இல்தான் இது முதலில் சேர்ந்தது. இதற்கு மட்டுமே புளூடூத்தும் மின்னேற்றமும் வேண்டும். பேனாவை அதன் துளையில் செருகி வைத்தாலே மின்னேற்றம் நடந்துவிடும். எஸ்25 அல்ட்ராவின் பேனாவில் இந்த இரண்டாவது ஏற்பாட்டையே நீக்கிவிட்டார்கள் என்பதால், அந்த மாடலை வைத்திருப்பவர்கள் இணைப்பைப் பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

முதலில் எந்தப் பாதி என்று பாருங்கள்

பேனாவை வெளியே எடுத்து, நிப்பு திரையைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு சிறு புள்ளி தோன்றி, பேனாவைப் பின்தொடர்ந்து நகர்ந்தால், எழுதும் பாதி உயிரோடு இருக்கிறது. பிறகு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அமைப்பை நீங்கள் மாற்றாமல் இருந்தால் கேமரா திறக்கும். புள்ளி வந்து கேமரா திறக்கவில்லை என்றால் அது இணைப்புக் கோளாறு. கேமரா திறந்து எழுத்து மட்டும் விட்டுவிட்டு வந்தால், புளூடூத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இராது.

இணைப்பு

பேனாவைத் துளையில் முழுவதுமாக, கடைசிச் சொடுக்கு கேட்கும்வரை செருகுங்கள். அடுத்து Settings > Advanced features > S Pen > Air actions என்ற பக்கத்துக்குச் சென்று, மேலே உள்ள சுவிட்ச் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், அதே பக்கத்தின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Reset S Pen என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது முடியும்வரை பேனா துளைக்குள்ளேயே இருக்க வேண்டும். பாதியில் உருவிப் பார்க்கும் பொறுமையின்மையால்தான் பலருக்கு இது தோல்வியடைகிறது. பழைய பேனா தொலைந்து புதிதாக ஒன்று வாங்கியவர்களும் இதே வழியில்தான் இணைக்க வேண்டும். மலிவு விலையில் கிடைக்கும் போலிப் பேனாக்கள் பலவற்றில் எழுதும் சுருள் மட்டுமே இருக்கும். அவை நன்றாக எழுதும், ஆனால் எத்தனை முறை முயன்றாலும் இணையா.

அழுத்தம்

கோடு ஒரே தடிமனாக வருகிறது என்பதுதான் இங்கே அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் குறை பேனாவில் இருப்பதில்லை. எல்லாச் செயலிகளும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வதில்லை. வாங்கிக்கொள்ளும் செயலியிலும் ஹைலைட்டர் போன்ற சில தூரிகைகள் அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே Samsung Notes செயலியில் மைப்பேனா வடிவத் தூரிகையைத் தேர்ந்தெடுத்து, இலேசாகத் தொடங்கி மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டி ஒரு நீண்ட கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தடித்துக்கொண்டே போனால் பேனா சரி. உங்கள் செயலியின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசி அமைப்புகளில் உள்ள Touch sensitivity என்பது விரல் தொடுகைக்கானது என்பதால், அதைக் கூட்டுவதால் பேனாவின் அழுத்தம் மாறாது.

மிக அழுத்தினால்தான் எழுதுகிறது என்றால் நிப்பு தேய்ந்திருக்கலாம், அல்லது முழுவதும் உள்ளே அமராமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, திரையைத் தொடாமலே மை விழுகிறது என்றால், நிப்பு அழுந்திய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; தூசியோ சட்டைப்பையின் பஞ்சோ உள்ளே புகுந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ட்வீசரால் நிப்பை இறுகப் பிடித்து, சாய்க்காமல் நேராக இழுத்தால் வெளியே வந்துவிடும். துளையைச் சுத்தமாக்கிவிட்டு, உங்கள் மாடலுக்குரிய புது நிப்பை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். திருகி இழுத்தால் உள்ளேயே ஒடிந்துவிடும், பிறகு அதை எடுப்பது பெரும் பாடு.

ஒரே இடத்தில் கோடு அறுந்தால்

அக்கா மகள் பொறியியல் படிக்கிறாள். வகுப்புக் குறிப்புகளைக் கைப்பேசியிலேயே எழுதுபவள். சென்ற மாதம் அவளுடைய பேனாவில் சுற்றுப்படம் வரையும்போது கோடுகள் இடையிடையே அறுந்தன. அவள் Reset S Pen கொடுத்தாள், நிப்பை மாற்றினாள், கைப்பேசியை அணைத்துப் போட்டாள், எதுவும் உதவவில்லை. "மாமா, இடது பக்கம் எழுதும்போதுதான் சண்டித்தனம் பண்ணுது" என்று அவள் சொன்னதுதான் துப்பு. திரை முழுவதும் விரலகல இடைவெளியில், மேலிருந்து கீழாகக் கோடுகளை நிதானமாக இழுக்கச் சொன்னேன். மற்றவை நேராக வர, இடது ஓரத்தை ஒட்டிய மூன்று கோடுகள் மட்டும் நடுப்பகுதியில் வளைந்து, பின் அறுந்து, ஓர் அங்குலம் தள்ளி மீண்டும் தொடங்கின. பேனாவின் கோளாறாக இருந்தால் அறுபடும் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கும்.

அவளுடைய உறை புத்தகம்போல மூடும் வகை. மூடியைப் பிடித்துவைக்க அதில் காந்தம் தைத்திருந்தார்கள். எழுதும்போது மூடியைப் பின்னால் மடித்துக்கொள்வாள், அப்போது அந்தக் காந்தம் இடது ஓரத்தின் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். திரைக்குப் பின்னுள்ள தகடு மின்காந்தப் புலத்தை வைத்துத்தான் பேனாவின் இடத்தை அறிகிறது என்பதால், பக்கத்தில் காந்தம் இருந்தால் கணக்கு பிசகுகிறது. உறையைக் கழற்றிவிட்டு அதே கோடுகளை இழுத்தாள். அத்தனையும் முழுதாக வந்தன. காந்த வளையம் பதித்த உறைகளும், காரில் மாட்டுவதற்காகப் பின்னால் ஒட்டும் இரும்புத் தகடுகளும் இதே தொல்லையைத் தரக்கூடியவை.

உறை இல்லாமலும் அதே இடத்தில் கோடு அறுந்தால், அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் பேனாவை வாங்கி ஒரு முறை எழுதிப் பாருங்கள். அதுவும் அங்கேயே அறுந்தால் திரைக்குப் பின்னால் உள்ள தகட்டில் பழுது, சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். நன்றாக எழுதினால் பேனாவை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சோதனையை மடிக்கும் ஃபோல்டு கைப்பேசியின் உள்திரையில் மட்டும் செய்துவிடாதீர்கள்: அந்த மென்மையான திரைக்கெனத் தனிப் பேனா இருக்கிறது, சாதாரண எஸ் பென்னின் கடினமான நிப்பு அதில் தழும்பு விழச் செய்துவிடும்.