இரண்டு தூண்களுக்கு நடுவே தொங்காத பிரிட்ஜ்: ஃபேன், வேகம், ஃப்ளோ

3டி பிரிண்டரில் சப்போர்ட் போடாமல் இரண்டு தூண்களை இணைக்கும் பாலத்தை, அதாவது பிரிட்ஜை, அச்சடிக்கும்போது அடிப்பக்கம் நூல் நூலாகத் தொங்குகிறதா? ஸ்லைசரில் மூன்று எண்களைச் சரியான வரிசையில் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. லேயர், பிஎல்ஏ. ஸ்லைசர் PrusaSlicer. ஆர்கா ஸ்லைசரிலும் ஏறக்குறைய இதே அமைப்புகள்தான், பெயர் கொஞ்சம் மாறும். க்யூராவில் Experimental பகுதியில் Enable Bridge Settings-ஐ டிக் செய்தால் ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். எல்லாமே அதில் உண்டு, ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர் அதற்குள் தொலைந்துபோவார் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

சோதனைத் துண்டு

10×10 மி.மீ. அளவில், 15 மி.மீ. உயரத்தில் இரண்டு தூண்கள். நடுவே 40 மி.மீ. இடைவெளி. மேலே 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள பலகை. இதை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பெரிய சோதனை மாடல்கள் ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஸ்லைஸ் செய்ததும் ப்ரிவியூவில் பிரிட்ஜ் தொடங்கும் லேயருக்குப் போய், கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குப் போக வேண்டும். குறுக்கே ஓடினால் கீழே வரும் எந்த எண்ணாலும் பயனில்லை. அப்போது Infill பகுதியில் Bridging angle-ஐக் கையால் கொடுங்கள். ஒரு விஷயம்: அங்கே 0 என்றால் 'தானாகக் கண்டுபிடி' என்று பொருள். உண்மையிலேயே பூஜ்ய டிகிரி வேண்டுமானால் 180 என்று போட வேண்டும். கூடவே Detect bridging perimeters-ஐயும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பலகையின் இரு ஓரக் கோடுகளும் சாதாரணச் சுவர் வேகத்திலேயே அந்தரத்தில் ஓடும்.

முதலில் ஃபேன்

பிஎல்ஏவுக்கு Bridges fan speed 100. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் டக்ட் உள்ள பிரிண்டரில், அதே துண்டை 90 டிகிரி திருப்பி வைத்தாலே முடிவு மாறுவதுண்டு. இரண்டு திசையிலும் ஒவ்வொன்று அச்சடித்து, மோசமான திசைக்கு ட்யூன் செய்யுங்கள்.

அப்புறம் வேகம்

Speed பகுதியில் Bridges. 25 மி.மீ./நொடியில் ஆரம்பித்து, 15, 40, 60 என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெதுவாகப் போனால் நாசிலை விட்டு வெளியே வந்த இழை உடனே இறுகக் காற்றுக்கு நேரம் கிடைக்கும். ரொம்ப மெதுவானால், சூடான நாசில் இழைக்கு மேலேயே நின்று அதை மறுபடி இளக்கிவிடும். வேகமாகப் போனால் இழை இழுபட்டு விறைப்பாக நிற்கும், ஆனால் தூணில் ஒட்டிய முனை பிய்ந்துகொள்ளும்.

அடியைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். எல்லா இழைகளும் துணிக்கொடி மாதிரி ஒரே அளவில் நடுவில் தொய்ந்திருந்தால் சூடு போகவில்லை: வேகத்தை மாற்றுங்கள், அல்லது நாசில் வெப்பத்தை 5 டிகிரி குறையுங்கள். முதல் தூணின் விளிம்பிலேயே இழை கழன்று சுருண்டிருந்தால் வேகம் அதிகம். பிஎல்ஏவுக்கு 20க்கும் 30க்கும் நடுவில்தான் நான் பெரும்பாலும் நிறுத்துகிறேன்.

ஃப்ளோ: இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள்

Advanced பகுதியில் Bridge flow ratio. 'நான் 0.8 வைத்திருக்கிறேன், சூப்பர்' என்று யாரோ சொன்னதைப் பார்த்து அப்படியே போடுவார்கள். அவருக்குச் சரியாக வரும், உங்களுக்கு இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். காரணம், Thick bridges என்ற இன்னொரு டிக்.

அது ஆன் ஆக இருந்தால், ஸ்லைசர் நாசில் அளவுக்கே உருண்டையான இழையைக் கணக்கிடுகிறது. விட்டம் 0.4 மி.மீ. என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.126 ச.மி.மீ. ஆஃப் ஆக இருந்தால் சாதாரண லேயர் கோட்டின் கணக்குதான்: உயரம் 0.2, அகலம் 0.45, பரப்பு சுமார் 0.081. சாதாரணக் கோடு கீழே உள்ள லேயரில் அமுங்கித் தட்டையாகும். அந்தரத்தில் அமுக்க ஆளில்லை, அதனால் அதே பிளாஸ்டிக் உருண்டு சுமார் 0.32 மி.மீ. இழையாகிவிடும். பக்கத்து இழையோ 0.4 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆக, ஃப்ளோ 1 என்று இருந்தாலே இழைகள் ஒன்றையொன்று தொடாது. இதில் 0.8 போட்டால் இழை இன்னும் மெலிந்து பாதியில் அறுந்துபோகும்.

எனவே முதலில் டிக்கை முடிவு செய்யுங்கள். 40 மி.மீ. மாதிரி நீண்ட இடைவெளிக்கு ஆன். சில மி.மீ. மட்டுமே உள்ள சின்ன இடைவெளிக்கு ஆஃப் அழகாக இருக்கும். ஆன் என்றால் 1-இல் தொடங்கி 0.95, 0.9, 0.85 என்று இறங்குங்கள். தொய்வு குறைந்துகொண்டே வரும். இழைகள் பிரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஒரு படி மேலே வாருங்கள். ஆஃப் என்றால் 1-க்குக் கீழே போகவே வேண்டாம்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. Thick bridges ஆன் ஆக இருந்தால், 0.4 மி.மீ. இழை 0.2 மி.மீ. லேயருக்குக் கீழே மேலும் 0.2 இறங்கித்தான் நிற்கும். வெர்னியரில் பலகையின் நடுப்பகுதி 2.2 காட்டினால் அது தொய்வு இல்லை. 2.5, 2.6 என்று போனால்தான் தொய்வு. கீழே ஏதாவது பொருந்த வேண்டிய பாகமென்றால் இந்த 0.2-ஐ வரைபடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: பெட்ஜி

பெட்ஜியில் முதல் ஓரிரு இழை மட்டும் தொங்குகிறது, மீதி நேராக இருக்கிறது என்று கருத்துப் பகுதியில் சிலர் எழுதியிருந்தார்கள். பெட்ஜியில் ஃபேன் வழக்கமாக 30 சதவீதத்தில் ஓடும், பிரிட்ஜ் வந்ததும் 100க்கு ஏறச் சொல்கிறோம். ஜிகோடைத் திறந்தால் அந்த இடத்தில் இவை இருக்கும்:

```
;TYPE:Bridge infill
M106 S255
G1 F1500
```

கட்டளை சரியாகத்தான் போகிறது. ஃபேன் முழு வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகிறது. 25 மி.மீ./நொடியில் 40 மி.மீ. இழை 1.6 நொடியில் முடிந்துவிடும், அதில் பெரும்பகுதிக்குப் போதிய காற்றே இல்லை. ஆர்காவில் பிரிண்டர் அமைப்புகளில் Fan speed-up time என்று ஒன்று உண்டு. அதில் 1 நொடி கொடுத்தால் கட்டளையை அவ்வளவு முன்கூட்டியே அனுப்பும். இந்த ஒரு வசதிக்காகவே பெட்ஜிக்கு நான் ஆர்காவுக்குப் போய்விடுகிறேன். PrusaSlicer-இலேயே இருப்பவர்கள், ப்ரிவியூவின் லேயர் பட்டையில் பிரிட்ஜுக்கு முந்தைய லேயரில் custom G-code ஆக `M106 S255` சேர்க்கலாம்.

இன்னொன்று: நான்கு தூண்கள்

நான்கு தூண் மேல் ஒரு கூரை வைத்தால் நடுவில் விழுகிறது என்ற கேள்வியும் வந்தது. அங்கே கூரையின் பெரும்பாலான இழைகளுக்குப் பிடிக்கத் தூணே இல்லை. ஓரக் கோடுகளில் போய் ஒட்டுகின்றன, அந்தக் கோடுகளே அந்தரத்தில் இருக்கின்றன. எந்த எண்ணாலும் இதைச் சரிசெய்ய முடியாது, வரைபடத்தில் மாற்ற வேண்டும். கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு விட்டங்களை, ஒவ்வொன்றும் இரண்டு தூண்களை இணைக்கும்படி, 1 மி.மீ. தடிமனில் வையுங்கள். விட்டம் முதலில் பிரிட்ஜாக முடிந்துவிடும். அதற்கு மேல் வரும் கூரை, விட்டத்திலிருந்து விட்டத்துக்குச் செல்லும் சாதாரண பிரிட்ஜாகிவிடும். கோடுகள் அந்தத் திசையில்தான் ஓடுகின்றனவா என்று ப்ரிவியூவில் இங்கேயும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.